கல்லாக் கணக்கும் பில் மோசடியும்: ஓர் உணவகத்தின் மாலைநேரக் கணக்கை முன்வைத்து

கூட்டம் மிகுந்த ஓர் உணவகத்தில் ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் நடைபெறும் கல்லாக் கணக்கு, இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியதாகும். போடப்பட்ட பில்களுக்கு உரிய பணம் முழுவதும் வந்து சேர்ந்ததா என்பது முதற்கேள்வி. வெளியே சென்ற உணவு முழுவதற்கும் பில் போடப்பட்டதா என்பது இரண்டாவது கேள்வி. பல உணவகங்களில் முதற்கேள்வி மட்டுமே நாள்தோறும் கேட்கப்படுகிறது. பெட்டியில் இருக்கும் தொகையும் கணினி காட்டும் தொகையும் ஒத்துவந்தால் அன்றைய கணக்கு முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் கவுண்டரில் பணத்தைக் கையாடும் ஊழியர் தொடுவது பெரும்பாலும் பில்லுக்குள் வந்த பணத்தையன்று; பில்லுக்குள் வராத பணத்தையோ, பில்லிலிருந்து பின்னர் நீக்கப்பட்ட பணத்தையோதான். முதற்கேள்வி நிச்சயம் கேட்கப்படும் என்பதை அவர் அறிந்திருப்பதால், அதற்குரிய விடையை நேராக வைத்துக்கொள்வதில் மற்றவர்களைவிடக் கூடுதல் அக்கறை காட்டுவார். எனவே கல்லா நேராக முடிவது நேர்மைக்குச் சான்றாகாது என்பதும், உணவின் பக்கத்திலிருந்து தனியாக எடுக்கப்படும் ஓர் எண்ணிக்கையே அதற்குச் சான்று தரவல்லது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இச்சிக்கல் கல்லா இயந்திரம் தோன்றிய நாளிலேயே உடன்தோன்றியது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திவந்த ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் வசூலில் கை வைப்பதைத் தடுக்கும் பொருட்டே 1879-ஆம் ஆண்டில் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வாங்கிய தொகை எதிரே நிற்பவர் கண்ணில் படுமாறு முகப்பில் காட்டப்படும் என்பதே அதன் அடிப்படை. வாடிக்கையாளரைச் சாட்சியாக்குவது அதன் நோக்கம். இந்திய ரயில்வே தன் உணவு விற்பனையில் பில் தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்று அறிவித்ததும் அதே நோக்கத்தின் இன்றைய வடிவமே. ஆயினும் இயந்திரம் தன்னிடம் அழுத்தப்பட்டதை மட்டுமே எண்ணும். அழுத்தப்படாத ஒன்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

முதற்கேள்விக்கு விடை காணும் முறையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் நடுத்தர சைவ உணவகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்குத் தரப்படும் தொகைகள் முறையை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை. மாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரையிலான ஷிஃப்டில் 4211 முதல் 4630 வரையிலான எண்களில் 420 பில்கள் போடப்பட்டுள்ளன. அவற்றில் 6 ரத்து செய்யப்பட்டவை. மீதமுள்ள 414 பில்களின் மொத்தம், வரி உட்பட, 92,480 ரூபாய். இதில் ரொக்கமாக வந்தது 38,260. யுபிஐ வழியாக 43,140. அட்டை வழியாக 3,880. உணவு விநியோகச் செயலிகள் வழியாக 7,200 ரூபாய். ஷிஃப்ட் தொடங்கும்போது சில்லறைக்காகப் பெட்டியில் வைக்கப்பட்ட தொடக்க இருப்பு 3,000 ரூபாய். பாலுக்கும் வாழை இலைக்கும் வவுச்சர் எழுதிக் கல்லாவிலிருந்து கொடுக்கப்பட்டது 2,050 ரூபாய். இரவு 8 மணிக்கு மேலாளர் எடுத்துப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்தது 20,000 ரூபாய். தொடக்க இருப்புடன் ரொக்க விற்பனையைக் கூட்டி, வவுச்சர் தொகையையும் இடையில் எடுத்த தொகையையும் கழித்தால், பெட்டியில் 19,210 ரூபாய் இருக்க வேண்டும்.

இந்த 19,210 என்ற எண் காசாளருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது என்பதே நடைமுறையின் உயிர்நாடி. காசாளர் தம் பணத்தை நோட்டு வாரியாக எண்ணி, தாளில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே மேலாளர் இசட் ரிப்போர்ட் எனப்படும் ஷிஃப்டின் இறுதி அறிக்கையை எடுக்க வேண்டும். இவ்வாறு தொகை அறியாமல் எண்ணுவது மறைவு எண்ணிக்கை எனப்படும். வர வேண்டிய தொகையை முன்பே கண்டுவிட்ட காசாளர் அதற்கேற்ப எண்ணுவார். கூடுதலாக இருந்தால் எடுத்துவிடுவார், குறைவாக இருந்தால் ஈடுகட்டிவிடுவார். நம் எடுத்துக்காட்டில் காசாளர் எழுதியது 500 ரூபாய் நோட்டு 22, 200 ரூபாய் நோட்டு 14, 100 ரூபாய் நோட்டு 37, 50 ரூபாய் நோட்டு 18, 20 ரூபாய் நோட்டு 21, 10 ரூபாய் நோட்டு 32, நாணயமாக 35 ரூபாய். ஆக 19,175 ரூபாய். வர வேண்டியதற்கு 35 ரூபாய் துண்டு விழுகிறது.

ஏழு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை சில்லறை கொடுத்து வாங்கிய கல்லாவில் 35 ரூபாய் துண்டு விழுவது இயல்பானது. சில நாள் சிறிது கூடியும் சில நாள் சிறிது குறைந்தும் வருவதே நேர்மையான கல்லாவின் அடையாளம். மாதம் முழுவதும் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் முடியும் கல்லா, காசாளர் தனியே வைத்திருக்கும் பணத்தைக் கொண்டு கணக்கைச் சரிக்கட்டுகிறார் என்பதற்கான அறிகுறியாக இருக்கக்கூடும். பிசகின் அளவும் அதன் காரணத்தைச் சொல்லும். 500 ரூபாய் வித்தியாசம் ஒரு நோட்டு தவறிப்போனதைக் குறிக்கும். 9-ஆல் மீதியின்றி வகுபடும் வித்தியாசம், 450 ரூபாயை 540 என்று எழுதியதைப் போன்ற இலக்க மாற்றத்தைக் குறிக்கலாம். ரொக்கத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவே யுபிஐ கணக்கில் கூடியிருந்தால், யுபிஐயில் வந்த பணத்தை ரொக்கம் என்று தவறாக அழுத்தியதே காரணமாக இருக்கும். இவை பிழைகளே; மோசடி இவ்வளவு வெளிப்படையாகத் தோன்றுவதில்லை.

ரொக்கமல்லாத வசூலை ஒப்பிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. யுபிஐ தொகையைக் கணினியின் கூட்டுத்தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல், வணிகருக்கான செயலியில் உள்ள பரிவர்த்தனைப் பட்டியலோடு அந்த ஷிஃப்டின் நேர எல்லைக்குள் ஒப்பிட வேண்டும். ரொக்கமாக வாங்கிய பில்லை யுபிஐ என்று பதிந்து பணத்தை எடுத்துக்கொள்ளும் வழி இவ்வொப்பீட்டிலேயே அடைபட்டுவிடுகிறது. உணவு விநியோகச் செயலிகள் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு பிற்பாடே பணம் அனுப்புவதால், வங்கியில் வந்த தொகையோடு அன்றாடம் ஒப்பிடுவதில் பயனில்லை. ஆணைப் பட்டியலோடு ஒப்பிடுவதே முறை.

இவ்வாறாக முதற்கேள்விக்கு அன்றைய கணக்கு நல்ல விடை தந்துவிட்டது. ரொக்கத்தில் 35 ரூபாய் மட்டுமே குறைவு. மற்ற வழிகளில் வந்தவை நேராக உள்ளன. கணக்கை மூடிவிட்டுச் செல்லலாம் என்றே யாருக்கும் தோன்றும். இரண்டாவது கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெளியே சென்ற உணவை எண்ணுவதற்கு எல்லாப் பண்டங்களும் ஒரே அளவில் உதவுவதில்லை. பாலைக் கொண்டு காபியை மதிப்பிடலாம். எனினும் டிகாக்‌ஷனின் அளவும் ஆற்றுபவரின் கையும் மாறுவதால் அதில் கணிசமான தளர்வு இருந்தே தீரும். மாவைக் கொண்டு தோசையை மதிப்பிடுவதும் அத்தகையதே. மாறாக, முழு எண்ணாக மட்டுமே செலவாகக்கூடிய பொருள் ஒன்று கிடைத்தால், அது ஐயத்துக்கு இடம் தராத சாட்சியாகிவிடும். பார்சல் டப்பா அத்தகைய பொருள். பார்சல் கவுண்டரே பில் மோசடிக்கு மிகவும் இடம் கொடுக்கும் இடம் என்பதாலும் இத்தேர்வு பொருந்துகிறது. மேசையில் அமர்ந்து உண்பவரைச் சப்ளையர் அறிவார், சமையலறை அறியும், ஆனால் பார்சல் வாங்குபவர் சில நிமிடங்களில் சென்றுவிடுகிறார், பில்லை வாங்கிக்கொள்வதில் அவருக்குப் பெரிய அக்கறையும் இருப்பதில்லை.

நம் உணவகத்தில் சாத வகைகள் அனைத்தும் ஒரே அளவுள்ள டப்பாவில் கட்டப்படுகின்றன. ஒவ்வொன்றின் விலையும் வரி உட்பட 110 ரூபாய். மாலையில் 150 டப்பாக்கள் எண்ணி வைக்கப்பட்டன; இரவில் 64 மீதம். செலவானவை 86. அவற்றில் உடைந்து ஒதுக்கப்பட்டவை 2. விநியோகச் செயலிகளின் ஆணைகளுக்குச் சென்றவை 21. கவுண்டர் பில்களில் பதிவானவை 49. எஞ்சிய 14 டப்பாக்களுக்குப் பில் இல்லை. அவற்றின் மதிப்பு 1,540 ரூபாய். 35 ரூபாய் மட்டுமே பிசகிய அதே மாலையில்தான் இத்தொகை வெளியேறியிருக்கிறது.

இந்த 14 எங்கே போயின என்பதைக் கணினியின் பதிவேடே பெருமளவு சொல்லிவிடும். அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. முதலில் ரத்தான 6 பில்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்று, அச்சான 40 நொடிக்குள் ரத்தாகி, உடனடுத்த எண்ணில் ஏறக்குறைய அதே பண்டங்களோடு மறுபடி போடப்பட்டிருக்கிறது. சாதாத் தோசைக்குப் பதிலாக மசாலாத் தோசை வேண்டும் என்று வாடிக்கையாளர் மாற்றிச் சொன்னதன் விளைவு அது. உண்மையான ரத்து பெரும்பாலும் இத்தகைய தோற்றமே கொண்டிருக்கும்: விரைவாக நடக்கும், பதிலாக வேறொரு பில் பிறக்கும். மற்ற 5 பில்களின் தோற்றம் வேறு. ஐந்தும் பார்சல், ஐந்தும் ரொக்கம், ஐந்திலும் இரண்டிரண்டு டப்பாக்கள், ஐந்தும் இரவு 8:30-க்கும் 10:15-க்கும் இடையே, அச்சான 6 முதல் 12 நிமிடம் கழித்து ரத்தானவை, எதற்கும் மாற்றுப் பில் இல்லை. வாடிக்கையாளர் பணம் கொடுத்து, பார்சலை வாங்கி, வாசலைக் கடக்க ஆகும் நேரம் அது. கே.ஓ.டி. எனப்படும் சமையலறைச் சீட்டும் திரும்பப் பெறப்படவில்லை, உணவும் திரும்பி வரவில்லை. இந்த ஐந்தில் 10 டப்பாக்களும் 1,100 ரூபாயும் அடங்கிவிடுகின்றன.

மீதமுள்ள 4 டப்பாக்களுக்கு மறுஅச்சுப் பதிவைப் பார்க்க வேண்டும். தாள் சிக்கினாலோ வாடிக்கையாளர் மீண்டும் கேட்டாலோ பயன்படட்டும் என்று வைக்கப்பட்ட வசதி அது. இரண்டு டப்பாக்களுக்கான 4507-ஆம் எண் பில், முதலில் அச்சானபின் இருமுறை மீண்டும் அச்சாகியிருக்கிறது. அதே பண்டத்தை அதே அளவில் கேட்டு அடுத்து வந்த இருவருக்குப் புதுப் பில் போடாமல், பழைய பில்லின் நகலையே கொடுத்துப் பார்சல் கட்டுமிடத்துக்கு அனுப்பினால் உணவு கிடைத்துவிடும். பணம் 440 ரூபாய் கணக்குக்குள் வராது. கட்டித் தருபவர் நெரிசலில் எண்ணைப் பார்ப்பதில்லை. அவர் ஒவ்வொரு பில்லையும் வாங்கிக் குத்துக் கம்பியில் குத்திவைக்கும் பழக்கம் இருந்தால், ஒரே எண்ணில் மூன்று தாள்கள் இரவில் கையில் கிடைக்கும். சான்று காகிதமாகவே நிற்கும். இந்தச் சிறிய பழக்கத்தைக் கணினி வந்தபின் பல கடைகள் கைவிட்டது வருந்தத்தக்கது.

ஒரு நாள் கணக்கைக் கொண்டு எவரையும் குற்றவாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊழியர் உணவுக்கு டப்பாக்கள் போயிருக்கலாம். செயலி ஆணை ஒன்றில் கசிந்த டப்பாவுக்குப் பதிலாக வேறொன்று மாற்றப்பட்டிருக்கலாம். மாலை எண்ணிக்கையே பிழையாக இருக்கலாம். அதனால் அடுத்த சில வாரங்களுக்கு இதே எண்ணிக்கை அமைதியாகத் தொடர வேண்டும். நூறு பில்லுக்கு எத்தனை ரத்து, எத்தனை மறுஅச்சு என்பதை ஒவ்வொரு காசாளருக்கும் தனித்தனியே கணக்கிட்டு, ஒரே கவுண்டரில் ஒரே நேரத்தில் பணிபுரிந்தவர்களுக்கு இடையே மட்டும் ஒப்பிட வேண்டும். இரவு நேரப் பார்சல் கவுண்டரைக் காலை நேர டிபன் கவுண்டரோடு ஒப்பிட்டால் கடும் வேலை பார்ப்பவரே குற்றவாளியாகத் தோன்றுவார். பிறகு ஆட்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். குறைவு கவுண்டரிலேயே தங்கினால் பண்டம் கட்டும் முறையிலோ எண்ணுவதிலோ கோளாறு. அது ஆளைத் தொடர்ந்து வேறு கவுண்டருக்குச் சென்றால், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் மறைந்தால், காரணம் அவரிடம் இருக்கிறது.

உறுதிப்படுத்துவதற்கு இன்னொரு சோதனை உண்டு. இத்துறையில் இதைவிடக் கூர்மையான கருவி இல்லை எனலாம். ரத்து செய்த பணத்தையோ பில் போடாத பணத்தையோ காசாளர் ஒவ்வொரு முறையும் சட்டைப்பைக்குள் வைப்பதில்லை. கேமரா மேலே இருக்கிறது, வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். அப்பணம் வழக்கம்போல் கல்லாப்பெட்டிக்குள்ளேயே போகிறது. எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காசாளர் மனத்திலோ, ஒதுக்கிவைத்த நாணயங்களைக் கொண்டோ கணக்கு வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடியும் தறுவாயில் மொத்தமாக எடுக்கிறார். ஆகவே திருட்டு நடக்கும் பெட்டியில், ஷிஃப்ட் நடந்துகொண்டிருக்கும்போது பணம் குறைவாக இராது, கூடுதலாகவே இருக்கும். இரவு 9:30-க்கு மேலாளர் முன்னறிவிப்பின்றி வந்து, எக்ஸ் ரிப்போர்ட் எனப்படும் இடைநிலை அறிக்கையை எடுத்து, கணக்கைப் பூச்சியமாக்காமல் பெட்டியை எண்ணும்போது, வர வேண்டியதைவிட 880 ரூபாய் கூடுதலாக இருந்தால், அது நான்கு முறை இரண்டு டப்பாக்கள் விற்ற பணத்துக்குச் சமமாக இருந்தால், விளக்கம் கேட்பதற்குப் போதிய காரணம் உண்டு. கல்லா கூடுதலாக இருப்பதை நல்ல செய்தியாகக் கருதும் உரிமையாளர்கள் தங்கள் முன்னுள்ள தெளிவான தடயத்தையே தவறவிடுகிறார்கள்.

யுபிஐ பரவிய பின்னர் ரொக்கம் குறைந்துவிட்டதால் மோசடியும் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஓரளவு அது உண்மையே. உணவகத்தின் கணக்குக்கு நேரே செல்லும் பணத்தைக் காசாளர் தொட முடியாது. ஆயினும் தம் சொந்தக் கியூஆர் அட்டையைக் கவுண்டரில் வைத்தோ கைப்பேசியில் காட்டியோ பணத்தைத் திருப்புவது புதிய வழியாகியிருக்கிறது. இவ்வழிக்கும் பில் ரத்தோ மறுஅச்சோ துணைவர வேண்டும். பில் நிலைத்திருந்தால் ஏதோ ஒரு வசூல் வழியில் அத்தொகை குறைந்து தெரிந்துவிடும். ஆகையால் இதையும் பிடிப்பது டப்பா எண்ணிக்கையே. வேறுபாடு ஒன்று உண்டு: இப்பணம் கல்லாப்பெட்டிக்குள் நுழைவதே இல்லை என்பதால், இடைநேரத் திடீர் எண்ணிக்கையில் கூடுதல் எதுவும் தென்படாது. தொகை வந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி பேசாத பார்சல் பில்களைக் கவனிக்கப் பழகிய கட்டுநர் ஒருவர் இருப்பது இங்கே பயன் தரும்.

தடுப்பு முறைகளுள் முதன்மையானது, ரத்து செய்யும் உரிமையைப் பணம் வாங்கும் கையிலிருந்து பிரிப்பது. காசாளருக்குப் பில் போடும் உரிமை மட்டும் இருக்க வேண்டும். ரத்து, தள்ளுபடி, மறுஅச்சு ஆகியவை மேலாளரின் கடவுச்சொல்லோடு மட்டுமே நடக்க வேண்டும். இது எல்லோரும் அறிந்ததே. நடைமுறையில் இது எங்கே உடைகிறது என்றால், வெள்ளிக்கிழமை இரவின் நெரிசலில் மேலாளர் ஒவ்வொரு முறையும் எழுந்து வர இயலாமல் கடவுச்சொல்லைக் காசாளரிடமே சொல்லிவிடுகிறார். அதன் பிறகு பதிவேட்டில் நிற்பது மேலாளர் பெயர். தடயம் தவறான ஆளைக் காட்டத் தொடங்குகிறது. நெரிசலில் நடைமுறைப்படுத்த முடியாத விதியைவிட, காசாளரே ரத்து செய்யலாம், ஆனால் ரத்தான பில்லின் தாளில் வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணும் காரணமும் எழுதி மூடும் நேரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற எளிய விதி மேலானது. மறுநாள் இரண்டு எண்களை அழைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

துண்டு விழும் தொகையைக் காசாளர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல உணவகங்களில் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், கணக்குக் காட்ட வேண்டிய பணம் ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக இழக்கப்பட்டிருந்தால் மட்டுமே பிடித்தத்தை அனுமதித்தது. பிடிக்கும் தொகை இழப்பை மிஞ்சக் கூடாது என்றும், அதற்கு முன் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் விதித்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதே நெறியைத் தொடர்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இவ்வழக்கம் கணக்கையே கெடுக்கிறது. துண்டு விழுந்தால் சம்பளம் போகும் என்று அறிந்த காசாளர், கூடுதலாக வந்த நாளில் அதைக் காட்டாமல் ஒதுக்கிவைப்பார். போதாதபோது வாடிக்கையாளருக்குச் சில்லறையைக் குறைத்துத் தருவார். அப்போது கல்லா எந்நாளும் நேராக முடியும். ஆனால் பிழைக்கும் மோசடிக்கும் இடையே வேறுபாடு காட்டிவந்த அந்தச் சிறிய இயல்பான ஏற்ற இறக்கம் அழிந்துவிடும். சிறு பிசகுகளை இருபுறமும் அப்படியே எழுதவிடுவதும், பிடித்தம் செய்யாதிருப்பதும் உரிமையாளரின் சொந்த நலனுக்கே உகந்தவை.

இம்முறைகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்யக்கூடிய நிலைகள் இரண்டு. காசாளரும் பார்சல் கட்டுபவரும் கூட்டுச் சேர்ந்தால், டப்பாக்களை வெளியிலிருந்து வாங்கிவந்து நிரப்பக்கூடும். அப்போது டப்பா எண்ணிக்கை நேராகிவிடும், அரிசியும் காய்கறியும் செலவான அளவில்தான் குறைவு தென்படும், அதுவும் வாரக்கணக்கில் பார்த்தால் மட்டுமே. இரண்டாவது நிலை இதைவிடக் கடினமானது. வரியைக் குறைத்துக் காட்டுவதற்காக இரவில் சில ரொக்கப் பில்களை உரிமையாளரே நீக்கிவிடும் வழக்கமுள்ள உணவகங்களில், பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற சரக்கு மற்றும் சேவை வரி விதியே மீறப்படுகிறது. 4211-க்கும் 4630-க்கும் இடையே எத்தனை எண்கள் இருக்க வேண்டும் என்ற அடிப்படைக் கேள்விக்கே அங்கே விடை இல்லை. நீக்குவதற்கான வசதியை மென்பொருளில் கேட்டு வாங்குபவர் உரிமையாளர். அதை நாள்தோறும் இயக்கிக் காட்டுபவர் பெரும்பாலும் அதே காசாளர். உரிமையாளர் நீக்கச் சொன்ன இருபது பில்களோடு மேலும் ஐந்தை அவர் நீக்கினால், அந்த ஐந்தைப் பிரித்தறிய எந்தப் பதிவும் எஞ்சியிருப்பதில்லை. ஐயம் எழுந்து அவரைக் கேள்வி கேட்க முற்பட்டாலும், அவர் அறிந்திருக்கும் செய்தியை முன்னிட்டு உரிமையாளர் காவல் நிலையத்துக்குச் செல்ல முடிவதில்லை.